சுமை அதே, கரண்ட் மட்டும் ஏன் மாறுகிறது?

பெரிய ஆலைகளில் கம்ப்ரஸரை ஓட்டும் சிங்க்ரனஸ் மோட்டாருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதன் ரோட்டார் சுருளுக்குப் போகும் டி.சி. கரண்ட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேகம் மாறாது. ஆனால் லைனிலிருந்து அது இழுக்கும் கரண்ட் மாறும், பவர் ஃபேக்டரும் மாறும். ஏன் என்பதை அம்புகளால் வரைந்து காட்டுவதே பேசர் படம். அம்பின் நீளம் அளவைக் காட்டும். அதன் கோணம், ஓர் அலை இன்னொன்றுக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைக் காட்டும்.

ஒரு ஃபேஸுக்கு 240 வோல்ட் வாங்கும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் சிங்க்ரனஸ் ரியாக்டன்ஸ் 2 ஓம். சுருளின் மின்தடை மிகச் சிறியது, விட்டுவிடலாம். சுமையைச் சுழற்ற 40 ஆம்பியர் தேவை.

முதல் அம்பு சப்ளை வோல்டேஜ். அதை 240 அளவில் வலப்பக்கம் கிடையாக வரையுங்கள். இரண்டாவது, ரோட்டார் காந்தம் சுழல்வதால் ஸ்டேட்டரில் பிறக்கும் எதிர் வோல்டேஜ். முதல் அம்பு புறப்பட்ட இடத்திலிருந்தே அதுவும் புறப்பட்டு, சற்றுக் கீழே சாய்ந்து நிற்கும். இதன் நுனியிலிருந்து சப்ளை அம்பின் நுனிக்குப் போகும் மூன்றாவது அம்பு, கரண்ட்டை 2 ஓமால் பெருக்கிய அளவு. கரண்ட் எப்போதும் அதற்குச் செங்குத்தாக, 90 பாகை பின்தங்கி இருக்கும்.

சூட்சுமம் இங்கேதான். சுமை மாறாதவரை, எதிர் வோல்டேஜின் நுனி கிடைக்கோட்டுக்குக் கீழே சரியாக 80 வோல்ட் ஆழத்தில் இருந்தாக வேண்டும். ஃபீல்டு கரண்ட்டை மாற்றினால் அந்த நுனி அதே ஆழத்தில் இடம் வலமாக நகரலாம், அவ்வளவுதான்.

எதிர் வோல்டேஜ் 253 ஆக இருந்தால் நுனி சப்ளை நுனிக்கு நேர்கீழே வரும். மூன்றாவது அம்பு செங்குத்தாக நிற்கும். கரண்ட் 40 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 1. ஃபீல்டைக் கூட்டி 310 வோல்ட் ஆக்கினால் நுனி வலப்பக்கம் 60 வோல்ட் தள்ளிப்போகும். மூன்றாவது அம்பின் நீளம் 100 வோல்ட், கரண்ட் 50 ஆம்பியர். அது இப்போது வோல்டேஜுக்கு முந்தும், பவர் ஃபேக்டர் 0.8 லீடிங். ஃபீல்டைக் குறைத்து 197 ஆக்கினாலும் அதே 50 ஆம்பியர்தான். ஆனால் நுனி இடப்பக்கம் போய்விட்டதால் 0.8 லேகிங்.

ஃபீல்டு கூடிய நிலையில் இந்த மோட்டார் ஒரு கெப்பாசிட்டர் போல 21.6 கிலோவார் தருகிறது. அதே ஆலையின் இண்டக்‌ஷன் மோட்டார்களுக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரில் அவ்வளவு லைனிலிருந்து வர வேண்டியதில்லை. அளவு மீறிக் கூட்டினால் ரோட்டார் சுருளும் ஸ்டேட்டரும் சூடேறும். மறுபக்கம், எதிர் வோல்டேஜ் 80க்குக் கீழே இறங்கினால் அம்பு அந்த ஆழத்தை எட்டவே எட்டாது. மோட்டார் ஒத்திசைவை இழந்துவிடும்.

அம்மீட்டர் 50 காட்டினால் மோட்டார் எந்தப் பக்கம் நிற்கிறது? ஃபீல்டைச் சற்றே கூட்டிப் பாருங்கள். லைன் கரண்ட் இறங்கினால் லேகிங்கில் இருந்தது. ஏறினால் லீடிங்கில் இருந்தது.