இருக்கக் கூடாததைத் தேடுங்கள்: கவரிங் லெட்டரில் தங்கிவிடும் பழைய கம்பெனி

வேலைக்கு அனுப்பும் கவரிங் லெட்டரை மூன்று முறை படித்தாலும் முந்தைய கம்பெனியின் பெயர் அதில் தங்கிவிடுவது உண்டு. ஸ்பெல்-செக் அதைப் பிடிக்காது. பெயரில் எழுத்துப்பிழை எதுவும் இல்லையே! கண்ணும் பிடிக்காது. நாமே எழுதியது என்பதால், அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதையே வாசித்துக்கொண்டு போய்விடுகிறோம். அதனால் "இன்னும் நிதானமாப் படி" என்பது உதவாது. சரியான பெயர் இருக்கா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இருக்கக் கூடாத பெயர்களைத் தேட வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவர் ஜோஹோவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டுமே சென்னையில் வேர்விட்ட மென்பொருள் கம்பெனிகள், ரெண்டுமே வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள் விற்பவை. அவர் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு "ஜோஹோ" வரும் இடமெல்லாம் "ஃப்ரெஷ்வொர்க்ஸ்" ஆக்கிவிடுகிறார். இப்போ கடிதத்தில் "ஜோஹோ டெஸ்க்" என்றிருந்தது "ஃப்ரெஷ்வொர்க்ஸ் டெஸ்க்" ஆகிவிட்டது. அவர்கள் விற்பது ஃப்ரெஷ்டெஸ்க். அடுத்த பத்தியில் "தென்காசி மாதிரி ஊரில் அலுவலகம் நடத்தும் உங்கள் அணுகுமுறை என்னைக் கவர்ந்தது" என்ற வரி அப்படியே நிற்கிறது. தென்காசி அலுவலகம் ஜோஹோவுடையது. பெயர் மாறிவிட்டது, ஆனா கடிதம் இன்னும் ஜோஹோவுக்குத்தான் பேசுகிறது. படிப்பவருக்கு இது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் பழக்கம்: ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பிய கையோடு, அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்தும் சொற்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கம்பெனி பெயர் மட்டும் போதாது. தயாரிப்பு, ஊர், பதவியின் பெயர், வேலை எண், யாருக்கு எழுதினோமோ அவர் பெயர் எல்லாமே வேண்டும்.

```
Zoho
Desk
Tenkasi
Member Technical Staff
```

அடுத்த கடிதத்தை பிடிஎஃப் ஆக்கியபின் லினக்ஸிலோ மேக்கிலோ இப்படித் தேடலாம் (`pdftotext` வேண்டுமானால் பாப்ளர் தொகுப்பை நிறுவ வேண்டும்):

```
pdftotext letter.pdf - | tr -s '[:space:]' ' ' | grep -oiwFf old.txt
```

நடுவில் இருக்கும் `tr` எதற்கு? "Member Technical" ஒரு வரியிலும் "Staff" அடுத்த வரியிலும் விழுந்தால், வரிவரியாகத் தேடும் `grep` அதைக் கோட்டைவிடும். `tr` எல்லாவற்றையும் ஒரே வரியாக்கிவிடுகிறது. மேலே சொன்ன கடிதத்தில் இந்தக் கட்டளை `Desk`, `Tenkasi` இரண்டையும் காட்டிக்கொடுக்கும். எதுவும் காட்டவில்லை என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். பிடிஎஃப் வெறும் படமாக இருந்தாலும் இதே மௌனம்தான். முதலில் பழைய கடிதத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். அங்கே பெயர்கள் வந்தால் கருவி வேலை செய்கிறது. கட்டளை வேண்டாம் என்பவர்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடிஎஃப்பில் கண்ட்ரோல்-எஃப் போட்டு ஒவ்வொன்றாகத் தேடலாம்.

பட்டியலால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. "உங்கள் வங்கித்துறை வாடிக்கையாளர்களுக்காக நான் செய்யக்கூடியது..." என்று ஒரு பழைய பத்தி. அதில் தனிப்பெயர் எதுவுமே இல்லை. இதற்குத்தான் இரண்டாவது பழக்கம்: ஆங்கிலக் கடிதத்தில் `you` என்று தேடுங்கள். `your` என்பதும் அதிலேயே அகப்படும். அப்படி வரும் ஒவ்வொரு வாக்கியமும் பெரும்பாலும் அந்தக் கம்பெனியைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒரு தகவல். ஒரு பக்கக் கடிதத்தில் ஏழெட்டு இருந்தால் அதிகம். ஒவ்வொன்றுக்கும் இந்த வேலை விளம்பரத்தில் எந்த வரி ஆதாரம் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் வேறு யாருக்கோ எழுதியது. நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, கடிதத்துக்கு வெளியே இருக்கும் இடங்கள். கோப்பின் பெயர், மின்னஞ்சலின் சப்ஜெக்ட், பிடிஎஃப்பின் தலைப்பு. கடைசியாகச் சொன்னது கண்ணில் படாது. வேர்ட் கோப்பின் பண்புகளில் இருக்கும் பழைய தலைப்பு பிடிஎஃப்புக்கும் போய்விடும். படிப்பவர் பிரவுசரில் திறந்தால் டேபில் அதுவே தெரியும். `pdfinfo letter.pdf` என்று கொடுத்தால் `Title` வரியில் பார்த்துவிடலாம்.

இதற்கெல்லாம் மூலகாரணம், போன வாரக் கடிதத்தைத் திறந்து அதன்மேலேயே எழுதுவது. அதற்குப் பதிலாக, கம்பெனி பெயர் வரும் இடமெல்லாம் `[[COMPANY]]` என்றும், அவர்களைப் பற்றிய பத்தி வரும் இடத்தில் `[[WHY]]` என்றும் மட்டும் உள்ள ஒரு மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குங்கள். நிரப்ப மறந்த இடம் எத்தனை இருந்தாலும் `[[` என்று ஒரே ஒரு தேடலில் அகப்பட்டுவிடும். பழைய பெயருக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. அது சரியான பெயர் மாதிரியே உட்கார்ந்திருக்கும்.