கைக்குழந்தையின் பாஸ்போர்ட் படம்: எங்கே தவறுகிறது?

இந்தியாவில் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பெரியவர்கள் புகைப்படம் கொண்டுபோக வேண்டியதில்லை. பாஸ்போர்ட் சேவா மையத்தின் ‘ஏ’ கவுண்டரிலேயே படம் பிடித்து, கைரேகையையும் பதிந்துகொள்கிறார்கள். நான்கு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் பெற்றோர் படம் கொண்டுபோக வேண்டும். அளவோ பின்னணியோ சரியாக இல்லையென்றால் வேறு படம் கேட்பார்கள். கைக்குழந்தையோடு அலைய நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

படத்தின் அளவு 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். வண்ணப் படமாக, அண்மையில் எடுத்ததாக, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். பள்ளிக்கும் வங்கிக்கும் கொடுத்து மீந்த நீலப் பின்னணிப் படம் இதற்கு உதவாது. அந்த நீலத்தைக் கணினியில் வெள்ளையாக்கித் தரும் ஸ்டுடியோக்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது காதோரமும் மெல்லிய தலைமுடியும் அரித்ததுபோல் வெட்டுப்படும். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலிலேயே வெள்ளைப் பின்னணியில் எடுப்பதே பாதுகாப்பு.

முகம் நேராகப் பார்க்க வேண்டும். கண்கள் திறந்தும் வாய் மூடியும் இருக்க வேண்டும். தலைமுடியின் உச்சி முதல் தாடை வரை முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டும். முகத்திலோ பின்னணியிலோ நிழல் விழக்கூடாது. தொப்பி கூடாது, மத வழக்கப்படி தலையை மூடுவோருக்கும் நெற்றி முதல் தாடை வரையும் முகத்தின் இரு ஓரங்களும் தெரிய வேண்டும்.

எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தானாக உட்காரப் பழகும் வயது. நாற்காலியில் வைத்தால் தலை சாயும். அம்மா மடியில் வைத்துப் பிடித்தால் அவர் விரல்களும் புடவையும் படத்தில் வந்துவிடும். அதனால் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுப்பது எளிது. எடுப்பவர் தலைக்கு மேலே விளக்கு இருந்தால் அவருடைய நிழலே முகத்தில் விழும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் போட்டால் கண்மணி சிவக்கும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டையும் கண் மையையும் முன்பே துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் அவை முகத்தின் இயல்பான அடையாளங்கள் அல்ல. வெள்ளைச் சட்டை பின்னணியோடு கலந்து தோள்கோட்டை மறைத்துவிடும் என்பதால் அடர்நிற உடை போடுவது உதவும்.

வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகங்கள் வழியாக விண்ணப்பிப்பவர்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்துக்கு ஏற்ற படம் கேட்கப்படுகிறது. படம் 630 × 810 பிக்சல் இருக்க வேண்டும். முகம் அதில் 80 முதல் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். கணினியில் முகத்தைத் திருத்தக்கூடாது. இங்கே பலர் தவறுவது அளவை மாற்றும்போதுதான். கைபேசிப் படம் பொதுவாக 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும்; கேட்கப்படுவதோ 7-க்கு 9. முழுப் படத்தையும் அப்படியே 630 × 810-க்குள் அழுத்தினால் முகம் சற்று அகன்றுபோகும். மாறாக, முகத்தைச் சுற்றி 1400 × 1800 பிக்சல் பகுதியை வெட்டியெடுத்து அதைச் சிறிதாக்கினால் விகிதம் கெடாமல் சரியாக 630 × 810 கிடைக்கும்.

அடுத்தது கையெழுத்து. பாஸ்போர்ட்டில் படத்தின் கீழே அச்சாவது கட்டத்துக்குள் விண்ணப்பதாரர் போடும் கையெழுத்துதான். கோட்டைத் தாண்டிய பகுதி ஸ்கேன் செய்யும்போது வெட்டுப்படலாம்; கோட்டைத் தொட்டால் கோடும் கையெழுத்தோடு சேர்ந்துவிடும். கட்டத்தின் நடுவே, நான்கு பக்கமும் இடம்விட்டு, மை திட்டாகாத பேனாவால் போட வேண்டும். நீளமாகக் கையெழுத்திடுபவர்கள் அதே அளவில் ஒரு கட்டம் வரைந்து முன்பே எழுதிப் பார்ப்பது நல்லது.

எழுதத் தெரியாத குழந்தைக்காகப் பெற்றோர் அந்தக் கட்டத்தில் கையெழுத்திடக்கூடாது. அங்கே பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும்: ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. எழுத்தறியாத பெரியவர்களுக்கும் இதே முறைதான். மை அதிகமானால் ரேகைக் கோடுகள் அடைபட்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். விரலைத் துடைத்து உலர்த்தி, மெல்லிய மை தொட்டு, இழுக்காமல் ஒருமுறை அழுத்தி எடுத்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். பெற்றோரின் கையெழுத்துக்கு உரிய இடம் அவர்கள் தரும் ‘அனெக்சர் டி’ உறுதிமொழி. பெற்றோரிடம் பாஸ்போர்ட் இருந்தால், அதில் உள்ளதுபோலவே இங்கும் கையெழுத்திட்டால் சந்தேகத்துக்கு இடம் இராது.