புலோப்பளைக்கு ஒரு காற்றாலை இறகு போய்ச் சேரும் வழி

2014இல் பளைக்கு அருகே, புலோப்பளைப் பக்கம், கடல்நீரேரிக் கரையோரம் இரண்டு காற்றாலைப் பண்ணைகள் மின் உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றும் 10 மெகாவாட். அங்கு சுழலும் இறகு ஒன்றின் நீளம் சுமார் 40 மீட்டர். அதைக் கழற்றித் துண்டாக்கிக் கொண்டுவர முடியாது. ஒரே பாரமாகத்தான் வீதியில் வர வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கனரக வண்டி வரத்தக்க தரைவழி இரண்டுதான். ஒன்று ஆனையிறவு வழியே ஏ9. மற்றது பூநகரியிலிருந்து 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வழியே ஏ32. பளைக்கு ஏ9 தான் நேர்வழி. ஆனால் பெரும் பாரம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அகன்ற ஏ9இல் அல்ல, அதிலிருந்து ஊருக்குள் திரும்பும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். ஆகவே வழி ஆய்வை இறக்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தொடங்குவது நல்லது.

முதலில் திருப்பங்களை அளக்க வேண்டும். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி உட்பக்க மூலையை வெட்டிக்கொண்டு போகும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இறகின் நுனி வெளிப்பக்கம் வீசும். வண்டியின் சில்லு வீதியிலேயே இருந்தாலும் இறகு பக்கத்து வளவின் மதிலுக்கு மேலால் போகலாம். குறுக்கே ஒரு பனை நின்றால் அதைத் தறிக்கப் பிரதேச செயலகத்தின் வழியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கான நாட்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது மின்கம்பி. வெயில் ஏறும்போது கம்பி சூடாகித் தொய்யும். காலையில் அளந்த உயரம் மத்தியானம் இருக்காது. ஆகவே உச்சி வெயிலில் அளந்து, குறைவான இடங்களை மின்விநியோகம் பார்க்கும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது நிலம். சிறு மதகைத் தாக்குவது வண்டியின் மொத்த எடையைவிட ஒவ்வோர் அச்சும் இறக்கும் எடைதான். நீண்ட பாலத்துக்கு மொத்த எடை முக்கியம். அதனால் பாலத்தில் பாரவண்டி தனியாக, நடுவால், மெதுவாக, பிரேக் பிடிக்காமல் போக வேண்டும். றெயில் கடவை வேறு விதமான சிக்கல். தண்டவாளம் வீதியைவிட உயர்ந்திருக்கும் இடத்தில் தாழ்தள வண்டியின் வயிறு தட்டி நின்றுவிடும். மாரி காலத்தில் ஒழுங்கையின் ஓரமணல் இளகுவதால், கோடையில் உறுதியாக இருந்த வழி ஐப்பசி, கார்த்திகையில் சில்லை விழுங்கும்.

இந்த ஆய்வுதான் அனுமதி மனுவின் உள்ளடக்கம். வண்டியின் படம், நீள அகல உயரம், அச்சுவாரியான எடை, போகும் பாதை, நாள், நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், மாகாண வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், ஊர்வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. ஒரு பயணத்துக்கே பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். அனுமதி அதில் எழுதிய பாதைக்கு மட்டுமே செல்லும். திருவிழாவால் வீதி மறிபட்டால் ஓட்டுநர் தன் விருப்பில் வேறு வழியில் திரும்பக் கூடாது. அந்த வழியின் மதகுகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முன்வழிகாட்டி வண்டியில் பாரத்தைவிடச் சற்று உயரமான ஒரு கம்பு நிற்கும். அது எதையாவது தட்டினால் பாரவண்டி ஓட்டுநருக்கு உடனே செய்தி போக வேண்டும். பின்னால் வரும் பாரவண்டி நிற்பதற்குப் போதிய தூரம் முன்னே ஓடினால்தான் அந்தக் கம்பால் பயன். பின்வண்டி பாரத்தின் வால் வீசுவதைப் பார்த்துச் சொல்லும். எதிர்வரும் வாகனங்களை மறிக்கும் அதிகாரம் பொலிசுக்கே உண்டு.

இனிக் கட்டுதல். கணக்குக்காக, இறகுக்குப் பதிலாக 30 தொன் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திடீரென பிரேக் பிடித்தால் முன்னோக்கி அதன் எடையில் 80 சதவீத விசை வரும் என்று கணக்கிடுவது வழக்கம். அதாவது 24 தொன். தளத்தில் உராய்வு எடையில் 30 சதவீதம் என்றால் 9 தொன்னை அது தாங்கும். மீதி 15 தொன்னைச் சங்கிலிகள் தாங்க வேண்டும். 10 தொன் இழுவைக்கு அனுமதிக்கப்பட்ட சங்கிலியைத் தளத்திலிருந்து 45 பாகை மேலேயும், வண்டியின் நீளவாட்டிலிருந்து 45 பாகை பக்கவாட்டிலும் சாய்த்துக் கட்டினால், முன்னோக்கிய விசைக்கு எதிராக 5 தொன் மட்டுமே நேரடியாகக் கிடைக்கும். இரண்டு கோணத்தையும் 30 பாகையாக்கினால் 7.5 தொன் கிடைக்கும். இப்படி இரண்டு சங்கிலி கட்டினால், ஒரு விதத்தில் போதாது. மறு விதத்தில் சரியாகப் போதும். பின்பக்கத்துக்கும் இரு பக்கங்களுக்கும் தனித்தனியே இதே கணக்கைப் போட வேண்டும்.

இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். இடையில் கிரீசோ சேறோ இருந்தால் 30 சதவீத உராய்வு வெறும் கணக்காகிவிடும். எனவே தளத்தைத் துடைத்துப் பலகையோ இறப்பர் விரிப்போ போட்ட பிறகே இயந்திரத்தை ஏற்ற வேண்டும். புறப்பட்டு முதல் சில கிலோமீட்டரில் பாரம் இருக்கை கொள்ளும்போது சங்கிலி தளரும். அங்கே நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். ஏற்றியவுடன் இயந்திரத்தின் ஓரத்தை ஒட்டித் தளத்தில் சுண்ணாம்புக் கோடு கீறி வைத்தால், பாரம் நகர்ந்ததா இல்லையா என்பதை நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பார்வையில் அறியலாம். கோடு விலகியிருந்தால், காரணம் தெரியும்வரை வண்டி நகரக் கூடாது.