இரண்டு தொட்டிகள், ஓர் அணி, பிணைந்த சமன்பாடுகள்

குழாய்களால் இணைந்த இரண்டு தொட்டிகளில் தலா 100 லிட்டர் நீர் இருக்கிறது. முதல் தொட்டிக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் நன்னீர் வருகிறது. அங்கிருந்து 8 லிட்டர் இரண்டாம் தொட்டிக்குப் போகிறது. இரண்டாம் தொட்டியிலிருந்து 2 லிட்டர் முதலாவதற்கே திரும்ப, மீதி 6 லிட்டர் வெளியேறுகிறது. வரத்தும் போக்கும் ஈடாவதால் இரண்டிலும் நீர்மட்டம் மாறுவதில்லை. தொடக்கத்தில் முதல் தொட்டியில் மட்டும் 10 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. நீர் எப்போதும் நன்றாகக் கலக்கப்பட்டே இருக்கிறது என்று கொண்டால், எந்த நேரத்தில் எந்தத் தொட்டியில் எவ்வளவு உப்பு இருக்கும் என்பதே கேள்வி.

முதல் தொட்டியின் உப்பை x என்றும் இரண்டாவதன் உப்பை y என்றும் குறிக்கலாம். நிமிடத்துக்கு 100 லிட்டரில் 8 லிட்டர் வெளியே போனால், அந்த நொடியில் இருக்கும் உப்பு நிமிடத்துக்கு 0.08 பங்கு என்ற வீதத்தில் போகிறது. அதன்படி எழுதினால் இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள் கிடைக்கும்:

x′ = −0.08x + 0.02y
y′ = 0.08x − 0.08y

x′ = ax என்று ஒரே ஒரு சமன்பாடு இருந்தால் அதன் தீர்வு x(0)·e^(at) என்று உடனே எழுதிவிடலாம். இங்கே x எப்படி மாறும் என்பதற்கு y தெரிய வேண்டும். Y மாறுவதற்கு x தெரிய வேண்டும். இரண்டும் பிணைந்திருப்பதால் ஒன்றைத் தனியே எடுத்துத் தீர்க்க முடியாது. பிணைப்பை அவிழ்க்க வேண்டும். அதற்கான வழி இந்தச் சமன்பாடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதல் தொட்டியில் 1 கிலோ, இரண்டாவதில் 2 கிலோ உப்பு இருப்பதாக வைத்துப் பார்க்கலாம். அப்போது x′ = −0.08 + 0.04 = −0.04. y′ = 0.08 − 0.16 = −0.08. முதல் தொட்டி தன் 1 கிலோவில் 4 விழுக்காட்டு வீதத்தில் இழக்கிறது; இரண்டாவதும் தன் 2 கிலோவில் அதே 4 விழுக்காட்டு வீதத்தில் இழக்கிறது. இரண்டும் ஒரே வீதத்தில் குறைவதால் 1:2 என்ற விகிதம் கடைசிவரை குலையாது. அந்த விகிதத்தில் தொடங்கினால், இரண்டு சமன்பாடுகள் ஒற்றைச் சமன்பாடு போலவே நடந்துகொள்ளும். இப்படிக் குலையாமல் நிற்கும் விகிதமே ஐகென் திசையன். அது மாறும் வீதமான −0.04 தான் ஐகென் மதிப்பு.

இதை ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கெழுக்களை A என்ற அணியாக, [−0.08, 0.02; 0.08, −0.08] என்று எழுதி, A − λI என்பதன் அணிக்கோவையைச் சுழியாக்கினால் போதும். (−0.08 − λ)² = 0.0016 என்று வரும்; அதிலிருந்து λ = −0.04, λ = −0.12 என்ற இரு மதிப்புகள் கிடைக்கும். இவற்றின் கூடுதல் −0.16. மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலும் அதுவே. கணக்கில் பிழை இருந்தால் பெரும்பாலும் இந்த ஒரு சரிபார்ப்பிலேயே வெளிப்பட்டுவிடும். முதல் மதிப்புக்குரிய திசையன் (1, 2). இரண்டாவதற்குரியது (1, −2). தொட்டியில் எதிர்ம உப்பு இருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் (1, −2) தனியே ஒரு நிலையைக் குறிப்பதில்லை. முதலாவதோடு சேர்ந்து ஒரு பகுதியாக மட்டுமே வருகிறது.

தொடக்க நிலையான (10, 0) என்பதை 5·(1, 2) + 5·(1, −2) என்று பிரிக்கலாம். சமன்பாடுகள் நேரியல் ஆகையால் இரு பகுதிகளும் ஒன்றையொன்று தொடாமல் தத்தம் வீதத்தில் தேயும்:

x = 5e^(−0.04t) + 5e^(−0.12t)
y = 10e^(−0.04t) − 10e^(−0.12t)

தொட்டிகளில் நடப்பது முழுவதும் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. இரண்டாம் தொட்டியில் உப்பு முதலில் ஏறி, சுமார் 13.7 நிமிடத்தில் 3.85 கிலோ என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். உச்சத்தில் y′ = 0; இரண்டாம் சமன்பாட்டின்படி அப்போது x = y ஆக வேண்டும். அந்த நேரத்தில் முதல் தொட்டியிலும் 3.85 கிலோவே இருக்கிறது. ஒரு மணி நேரம் கழிந்ததும் −0.12 உள்ள பகுதி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. மீதமுள்ள உப்பு 0.46 கிலோ, 0.90 கிலோ. விகிதம் ஏறக்குறைய 1:2. எப்படித் தொடங்கினாலும் மெதுவாகத் தேயும் ஐகென் திசையனின் விகிதத்திலேயே தொட்டிகள் வந்து சேரும்.

வேறொரு தொடக்க நிலை கொடுத்தால் மறுபடியும் பிரித்துக் கணக்கிட வேண்டும். அதைத் தவிர்க்க உதவுவது அணியின் அடுக்குக்குறிச் சார்பு. e^(at) என்ற எண்ணுக்குரிய முடிவிலித் தொடரில் a இருந்த இடத்தில் A என்ற அணியை வைத்தால்,

e^(At) = I + At + (At)²/2! + (At)³/3! + …

என்று ஆகிறது. தீர்வு, தொடக்க நிலையின் இடப்புறத்தில் e^(At) பெருக்கப்பட்டதுதான். ஐகென் திசையன்களை நிரல்களாக வைத்து P என்ற அணியையும், ஐகென் மதிப்புகளை மூலைவிட்டத்தில் வைத்து D என்ற அணியையும் அமைத்தால் A = PDP⁻¹. A-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் நடுவிலுள்ள P⁻¹P இணைகள் மறைந்துவிடுவதால், முழுத் தொடரும் P·e^(Dt)·P⁻¹ என்று சுருங்குகிறது. e^(Dt)-இல் e^(−0.04t), e^(−0.12t) ஆகிய இரண்டும் மூலைவிட்டத்தில் அமரும். இவற்றை p, q என்று எழுதினால், இந்தத் தொட்டிகளுக்கு

e^(At) = [(p+q)/2, (p−q)/4; p−q, (p+q)/2]

இதன் முதல் நிரல், முதல் தொட்டியில் மட்டும் 1 கிலோ போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் நிரல், இரண்டாம் தொட்டியில் மட்டும் 1 கிலோ போட்டால் என்ன ஆகும் என்பதை.

திரும்பி வரும் குழாயை அடைத்துவிட்டு, நன்னீரை 8 லிட்டராகவும் வெளியேற்றத்தை 8 லிட்டராகவும் உயர்த்தினால் ஐகென் வழி நின்றுபோகும். இப்போது A = [−0.08, 0; 0.08, −0.08]. இரு ஐகென் மதிப்புகளும் −0.08, திசையனோ (0, 1) ஒன்றுதான். ஒரே திசையனைக் கொண்டு (10, 0) என்பதைப் பிரிக்க முடியாது. P-க்கு நேர்மாறும் இல்லை. தொடருக்கு இந்தத் தடை கிடையாது. A-ஐ −0.08I + N என்று பிரித்தால், N-இல் 0.08 என்ற ஒரே உறுப்பு கீழே இடப்புறத்தில் மிஞ்சும்; N² = 0. அதனால் N-க்குரிய தொடர் I + Nt என்பதோடு முடிந்துவிடுகிறது. விடை x = 10e^(−0.08t), y = 0.8t·e^(−0.08t). அடுக்குக்குறிக்கு முன்னால் தனியாக நிற்கும் அந்த t, திசையன் போதாமல்போனதன் அடையாளம். y 12.5 நிமிடத்தில் 3.68 கிலோ வரை ஏறி இறங்கும். இங்கே e^(−0.08It) · e^(Nt) என்று பிரித்துப் பெருக்க முடிந்ததற்குக் காரணம், I எந்த அணியோடும் இடம் மாற்றிப் பெருக்கத்தக்கது என்பதே. பொதுவாக AB = BA ஆகாத அணிகளுக்கு e^A · e^B என்பது e^(A+B) ஆக இருக்க வேண்டியதில்லை.

குழாய் முழுவதும் அடைபடாமல் மிகச் சிறிதளவு மட்டும் நீர் திரும்பினாலும் தொல்லை உண்டு. அப்போது திசையன்கள் இரண்டு இருக்கும். ஆனால் அவை ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்திருக்கும். P⁻¹-இல் பெரிய எண்கள் புகுந்து, கணினியின் முழுமையாக்கல் பிழைகளைப் பெருக்கிவிடும். இத்தகைய குறைகளை வழிவழியாக அலசி, கிளீவ் மோலரும் சார்லஸ் வான் லோனும் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினர். அணியின் அடுக்குக்குறியைக் கணிக்கும் 19 வழிகளை ஆராய்ந்த அவர்கள், தலைப்பிலேயே அவற்றை ஐயத்துக்குரியவை என்று குறித்தனர்.

பைதானில் நேரடியாகக் கணிக்கலாம்:

```
import numpy as np
from scipy.linalg import expm
A = np.array([[-0.08, 0.02], [0.08, -0.08]])
print(expm(A*60) @ [10, 0])
```

விடையாக ஏறத்தாழ 0.457, 0.900 வரும். `expm` இருக்க வேண்டிய இடத்தில் `np.exp` என்று எழுதிவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. அது ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அடுக்குக்குறியில் ஏற்றி வேறோர் அணியைத் தரும். t = 0 வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சரியான சார்பு அலகு அணியைத் தரும். தவறானது எல்லா இடத்திலும் 1 என்று காட்டும்.