ஒரு கை வாளியும் இடுப்பின் உள்தசைகளும்

குழாயடியிலிருந்து 15 லிட்டர் வாளியை வலது கையில் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து பாருங்கள். இடது கை தானாக உடம்பை விட்டு விலகும். இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலை வைத்து அழுத்தினால் அந்த இடம் கட்டையாக இறுகியிருக்கும். வாளி உங்களை வலப்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. இடப்பக்கத் தசைகள் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இடுப்பு அசையவே இல்லை. அப்படி அசையவிடாமல் வைத்திருப்பதுதான் அந்தத் தசைகளின் வேலை.

அந்த வேலை எவ்வளவு என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். வாளியும் தண்ணீரும் 15 கிலோ என்று கொள்வோம். அது முதுகெலும்பிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அதைத் தாங்கும் தசைகள் மறுபக்கம் 10 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், நெம்புகோல் கணக்கில் அவை மூன்று மடங்கு, அதாவது 45 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். வாளியும் தசையும் சேர்ந்து 60 கிலோ முதுகெலும்பை அழுத்தும். அதே தண்ணீரை இரண்டு வாளியில் பாதிப் பாதியாகப் பிரித்தால் சாய்க்கும் விசையே இல்லை. கூடுதல் அழுத்தம் 15 கிலோதான்.

சினிமாவில் நாம் வியக்கும் 'சிக்ஸ் பேக்' தசை இந்த இடத்தில் பெரிதாக உதவாது. அது மார்பெலும்பு, விலாக்களின் முன்புறத்திலிருந்து அடிவயிற்று எலும்புவரை நேராக ஓடுகிறது; உடம்பை முன்னால் மடக்குவதே அதன் முக்கிய வேலை. பக்கவாட்டுச் சாய்வையும் திருகலையும் தடுப்பவை அதற்குப் பக்கத்திலும் அடியிலும் இருக்கின்றன. விலாப்பக்கத்தில் சாய்வாக ஓடும் 'ஆப்ளிக்' தசைகள் இரண்டு அடுக்கு. அவற்றுக்கும் உள்ளே, வேட்டியின் மேல் கட்டிய பெல்ட் போல வயிற்றைச் சுற்றி, பின்னால் முதுகுச் சவ்வோடு சேர்வது 'ட்ரான்ஸ்வெர்சஸ்'. இருமும்போது வயிறு சுற்றிலும் இறுகுகிறதே, அதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

முதுகுப் பக்கம் இருப்பது மல்டிஃபிடஸ். முதுகைத் தடவினால் கையில் தட்டுப்படும் எலும்பு முனைகளிலிருந்து புறப்பட்டு, இரண்டு முதல் நான்கு முள்ளெலும்புகள் தாண்டிக் கீழே சாய்வாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும் சிறுசிறு கட்டுகள். இதைத் திருப்பும் தசை என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பை ஒட்டியே கிடப்பதால் திருப்பும் பலம் அதற்குக் குறைவு. அதன் உண்மையான பங்கு வேறு. இறுகிப்போன ஷட்டரை ஒரு கையால் இழுக்கும்போது உடம்பு திருகாமல் ஆப்ளிக் தசைகள் பிடிக்கின்றன. ஆனால் அவை சாய்வாக ஓடுவதால், பிடிக்கும்போதே விலாவை இடுப்பை நோக்கி இழுத்து முதுகை வளைத்தும் விடும். அந்த வளைவை மல்டிஃபிடஸ் பின்னாலிருந்து இழுத்துச் சரிக்கட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இடுப்பு நிலையாக நிற்கும்.

இந்தத் தசைக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, முதல்முறை இடுப்பு வலி வந்தவர்களை ஸ்கேனில் பார்த்தது. வலித்த பக்கத்தில் மல்டிஃபிடஸ் சிறுத்திருந்தது. சில வாரங்களில் வலி போனது. தனிப் பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசை மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 'வலி போயிற்று, சரியாகிவிட்டது' என்று நாம் சொல்வது பாதி உண்மைதான்.

கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் 'பேர்ட் டாக்' பயிற்சிக்கு ஒரு பாய் போதும். குழந்தை தவழ்வதுபோல் கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுங்கள். ஊன்றியது இரண்டே முனை என்பதால் இடுப்பு ஒரு பக்கம் சரியப் பார்க்கும். சரியவிடாமல் பிடிப்பதே பயிற்சி. பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். மூச்சை அடக்கக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்று அறிய இடுப்பின் பின்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைக்கச் சொல்லுங்கள். அது சரிந்து விழுந்தால் பெரும்பாலும் கால் அளவுக்கு மேல் உயர்ந்திருக்கும். காலைத் தாழ்த்துங்கள்.

உள்தசைக்கென்று செய்யும் பயிற்சிகள் மட்டுமே நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மற்ற உடற்பயிற்சிகளும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதாகவே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீர் சுமப்பவர்கள் இரண்டு வாளியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வாளிதான் என்றால் பாதி வழியில் கை மாற்றுங்கள்.