மூக்கைச் சின்னதாக்கச் சொல்லாதீர்கள்

தனுஷ்கோடியில் விடியற்காலையில் எடுத்த செல்ஃபியைச் சித்தி அனுப்பியிருந்தார். பின்னால் கடல், கலைந்த முடி, நல்ல சிரிப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: “ஏன்டா, என் மூக்கு நெசமாவே இவ்வளவு பெரிசா? இதைப் பிரேம் போட்டு மாட்டலாம்னு பார்த்தேன்.”

மூக்கு பெரிதல்ல. போன்தான் பக்கத்தில் இருந்தது. கையை மடக்கிப் பிடித்தால் போனுக்கும் மூக்கு நுனிக்கும் 30 சென்டிமீட்டர்தான் இடைவெளி. காது அங்கிருந்து இன்னும் 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழுகிறது. அதே ஆளை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இது 1.08 மடங்காகக் குறைந்துவிடும். அமெரிக்க மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்: ஐந்தடி தூரத்துப் படத்தைவிட ஓரடி தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறது.

இப்போது படத்தைக் கொடுத்து, வேண்டியதை எழுத்தில் சொன்னால் மாற்றித் தரும் ஏஐ செயலிகள் இருக்கின்றன. எனக்குத் தோன்றிய முதல் வாக்கியம் “மூக்கைச் சின்னதாக்கு” என்பதுதான். வந்தது வேறு யாருடைய மூக்கோ. மூக்கை மட்டும் சுருக்கினால் முகம் சரியாகாது. நெற்றி, கன்னம், தாடை, காது எல்லாமே தூரத்துக்குத் தக்கபடி மாறியிருக்கின்றன.

அடுத்து, “85 மிமீ போர்ட்ரெய்ட் லென்ஸில் எடுத்த மாதிரி” என்று மட்டும் எழுதினேன். முகம் தட்டையானது, உண்மை. ஆனால் கடல் மங்கலாகிப் போனது, தோல் வழவழவென்றானது, தாடை மச்சத்தையே காணவில்லை. அந்த லென்ஸுக்கென்று முகத்தைத் தட்டையாக்கும் சக்தி எதுவும் இல்லை. அதில் முகம் அளவாக அடங்க வேண்டுமானால் தள்ளி நின்றாக வேண்டும், அவ்வளவுதான். செயலியோ அந்தப் பெயரோடு பழகிய ஸ்டூடியோ படங்களின் மொத்தச் சாயலையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே லென்ஸின் பெயரோடு தூரத்தையும் சொல்ல வேண்டும். எதெல்லாம் மாறக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை இப்படி எழுதினேன்:

“இதே பெண்மணியை, கண் மட்டத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 85 மிமீ லென்ஸில் எடுத்தது போல மாற்று. மூக்கு, கன்னம், காது மூன்றும் இயல்பான விகிதத்தில் இருக்கட்டும். கன்னத்துக்குப் பின்னால் மறைந்த காதுகள் தெரியட்டும். முகம் மெலியக் கூடாது. சுருக்கங்கள், தாடை மச்சம், மூக்குத்தி, சிரிப்பு அப்படியே இருக்கட்டும். கடல் தெளிவாகவே தெரியட்டும்.”

இந்த முறை சித்தி சித்தியாகவே வந்தார். ஆனால் காதில் ஜிமிக்கி தொங்கியது. அவர் ஜிமிக்கி போடுவதே இல்லை. பக்கத்திலிருந்து எடுக்கும்போது காதுகள் பாதிக்கு மேல் கன்னத்தின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. படத்தில் இல்லாத அந்தப் பகுதியைச் செயலி ஊகித்து வரைகிறது. இந்த வேலையின் எல்லையே இதுதான். “காதில் சின்ன வெள்ளைக்கல் தோடு” என்று சேர்த்து எழுதியதும் சரியாகிவிட்டது. மறைந்திருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்தால், அதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு படங்களிலும் கண்கள் ஒரே இடத்தில் வருமாறு வைத்து, மாற்றி மாற்றிப் பாருங்கள். மூக்கு கொஞ்சம் ஒடுங்க வேண்டும், காதுகள் வெளியே வர வேண்டும், முகம் சற்று அகலமாக வேண்டும். ஆமாம், அகலமாகத்தான், செல்ஃபி முகத்தை ஒடுக்கிக் காட்டுகிறது. முகம் மெலிந்து, கண் பெரிதாகி வந்தால் நடந்திருப்பது தூரத் திருத்தமல்ல, அழகுபடுத்தல். தள்ளி நின்று யாரோ எடுத்த பழைய படம் ஒன்று இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சித்திக்கு ஒரு கல்யாண வீட்டுப் படம் கைகொடுத்தது.

கூட்டமாக எடுக்கும் செல்ஃபியில் ஓரத்தில் நிற்பவரின் தலை மூலையை நோக்கி இழுபட்டு நிற்குமே, அது வேறு கோளாறு. அதற்குக் காரணம் லென்ஸின் அகன்ற கோணம். பல போன்கள் அதைத் தாமே ஓரளவு திருத்திவிடுகின்றன.

படம் பிடித்துப் போனதும் சித்தி கேட்டார், “இதையே பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துடலாமா?” கூடாது. கணினியில் மாற்றிய முகம் அதற்குச் செல்லாது. போனை அலமாரித் தட்டில் நிறுத்தி, பின்பக்க கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, டைமரைப் போட்டுவிட்டு, நான்கு தரைக்கல் தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் வீட்டுத் தரையில் அதுதான் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.