உங்களுக்குத் தெரியுமா? போட்டோகொப்பி மெஷினுக்கு யூ.பி.எஸ். ஆகாது!

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களை நம்பிக் கடை போடுகிறவர்கள் கவனிக்க: மையைத் தாளில் உருக்கி ஒட்டும் சூடேற்றி இயங்கும் கணத்தில் ஒரு போட்டோகொப்பி மெஷின் 1,000 வாட்டைத் தாண்டி இழுக்கலாம். 650 வீ.ஏ. யூ.பி.எஸ். தருவதோ பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவு. லேசர் பிரிண்டரும் அப்படித்தான். மாட்டினால் யூ.பி.எஸ். கத்திவிட்டு அணையும், கூடவே கம்பியூட்டரும். ஆகவே யூ.பி.எஸ். கம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் மட்டும்.

இன்னொன்று, கரண்ட் திரும்பும் நேரம். தலா 1,400 வாட் இழுக்கும் மூன்று மெஷின்கள் ஒன்றாகச் சூடேறினால் 4,200 வாட், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 18 அம்பியர். 13 அம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒன்று இதைத் தாங்காது. பிளக் சுடுவதே முதல் அறிகுறி. ஒவ்வொன்றுக்கும் சுவரில் தனி சொக்கெட் கொடுங்கள். கரண்ட் போனதும் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, வந்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.